"சார், எனக்கு மென்டரா இருங்க"ன்னு யார்கிட்டயும் கேக்காதீங்க

1/
வாரத்துக்கு ரெண்டு மெசேஜாவது இப்படி வருது: "வணக்கம் சார், நீங்க எனக்கு மென்டரா இருக்க முடியுமா?" அவ்ளோதான் மெசேஜ். அனுப்பினவர் யாரு, எங்க வேலை பாக்குறார், என்ன தெரியணும், எதுவும் இல்லை. நான் "சரி"ன்னு சொன்னா அடுத்து என்ன செய்யணும்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. #இழை

2/
கோபமா எழுதுறேன்னு நினைக்காதீங்க. அட, கொஞ்சம் கோபம்தான். "எனக்கு வழிகாட்ட ஆள் இல்ல"ன்னு புலம்புற பலர் தேடுறது வழிகாட்டியை இல்லை, சிபாரிசு பண்ற பெரிய மனுஷனை. ரெண்டும் வேற வேற. சிபாரிசு ஒரு போன் காலோட முடிஞ்சிடும். வழிகாட்டுறவர் உங்க வேலையைப் பாத்து, தப்பை உங்க முகத்துக்கு நேரா சொல்லணும். அதுக்கு முதல்ல நீங்க வேலையைக் காட்டணும்.

3/
எனக்கு நடந்ததைச் சொல்றேன். எம்பிபிஎஸ் முடிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துல சேர்ந்த புதுசு. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு டிராக்டர் டிரைவர், ஐம்பது வயசுக்கு மேல. வாந்தி, வேர்வை, நெஞ்சுல அடைப்பு. ஈசிஜி எடுத்தா இதயத்தோட அடிப்பகுதியில மாரடைப்பு. பிபி 90/60.

4/
நெஞ்சு வலின்னா நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் வைக்கிறது கைப்பழக்கம். மாத்திரையைக் கையில எடுத்துட்டேன். அதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரி டியூட்டி ஃபிசிஷியனுக்கு போன் போட்டேன், நோயாளியை அனுப்புறேன்னு சொல்லத்தான். அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி: "பிபி எவ்வளவுப்பா? வலது பக்கம் லீடு வச்சு எடுத்தியா?"

5/
எடுக்கலை. எடுக்கணும்னு தோணவே இல்லை. "இடது பக்கம் நெஞ்சுல வச்ச லீடை அதே இடத்துக்கு நேரா வலது பக்கம் மாத்தி வச்சு இன்னொரு ஈசிஜி எடு, நான் லைன்ல இருக்கேன்"னாங்க. எடுத்தேன். அங்கயும் மேல ஏறி இருந்துச்சு. அதாவது இதயத்தோட வலது கீழறையும் அடி வாங்கியிருக்கு.

6/
மருத்துவர் அல்லாதவங்களுக்காக: வலது கீழறை பாதிச்சவங்களுக்கு பிபி நிக்கிறதே இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தத்தை நம்பித்தான். சார்பிட்ரேட் ரத்தக்குழாய்களை விரிச்சு அந்த வரத்தைக் குறைச்சிடும். ஏற்கனவே 90ல இருக்கிற பிபி இன்னும் சரியும். மாத்திரையைக் கீழ வச்சேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் கொடுத்து, டிரிப்ஸ் போட்டு, 108ல ஏத்தி அனுப்பினேன். ஆள் பிழைச்சார்.

7/
இங்கதான் பெரும்பாலானவங்க நிறுத்திடுவோம். மறுநாள் காலைல "தேங்க்யூ மேடம் 🙏"ன்னு ஒரு மெசேஜ், முடிஞ்சது. நானும் அதைத்தான் செஞ்சேன். அதோட விட்டிருந்தா அவங்க எனக்கு போன்ல கேட்ட ஒரு குரலாவே போயிருப்பாங்க.

8/
சில வாரம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு நோயாளி. இந்த தடவை நானே வலது பக்க ஈசிஜியும் எடுத்து, ஆளை அனுப்பி வச்சுட்டு, மறுநாள் அவங்களுக்கு எழுதினேன்:

"மேடம், அன்னைக்கு டிராக்டர் டிரைவரை அனுப்பின பிஎச்சி டாக்டர் நான். நேத்தும் அடிப்பகுதி மாரடைப்பு ஒண்ணு. வலது பக்கமும் எடுத்தேன், அங்க மாற்றம் இல்லைன்னு நினைக்கிறேன். பிபி 130 இருந்ததால சார்பிட்ரேட் கொடுத்தேன். நான் படிச்சது சரியா? அவசரம் இல்லை, நேரம் கிடைக்கிறப்ப சொல்லுங்க."

9/
இந்த மெசேஜைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. யார்னு ஒரு வரி. என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி. நான் என்ன முடிவு எடுத்தேன், ஏன் எடுத்தேன்னு ஒரு வரி. ஒரே ஒரு கேள்வி, அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லக்கூடியது. எல்லாத்துக்கும் மேல, போன தடவை அவங்க சொன்னதை நான் செஞ்சேன்னு அவங்களுக்குத் தெரியுது. "மென்டர்"ங்கிற வார்த்தையே அதுல இல்லை. பதில் அன்னைக்கு சாயங்காலமே வந்துச்சு.

10/
நேரம் இல்லாத சீனியர்கூட இப்படிப்பட்ட மெசேஜுக்குப் பதில் போடுவார். அவர் சொன்னது வீண் போகலைன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. "ஏதாவது கைடு பண்ணுங்க சார்"ங்கிறதுக்குப் பதில் போடணும்னா, உங்களுக்கு என்ன தெரியாதுன்னு அவர்தான் முதல்ல கண்டுபிடிக்கணும். அது உங்க வேலைங்க.

(ஈசிஜி படம் அனுப்புறப்ப பேர், ஓபி நம்பரை மறைச்சு அனுப்புங்க. உயிர் போற நேரத்துல மெசேஜ் போட்டுட்டு பதிலுக்காகக் காத்திருக்காதீங்க. போன் போடுங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நோயாளி பக்கத்துல நிக்கிறவர்தான் பொறுப்பு.)

11/
சரி, யார்கிட்ட போறது? நம்ம ஊர்ல உடனே துறைத்தலைவர் அறை வாசல்ல போய் நிப்போம். அவர் உங்க வேலையைச் செஞ்சு இருபது வருஷம் ஆகியிருக்கும். உங்க பிஎச்சில என்ன மருந்து இருக்கு, ராத்திரி யார் இருப்பாங்கன்னு அவருக்கு நினைவே இருக்காது. உங்களைவிட அஞ்சு முதல் பத்து வருஷம் முன்னாடி போறவரைப் பாருங்க. நீங்க விழுற குழியில அவர் விழுந்து எழுந்தது இன்னும் மறந்திருக்காது.

12/
ஆளைக் கணிக்க நான் ரெண்டு விஷயம் பாப்பேன். ஒண்ணு, நீங்க தப்பா சொன்னா என்ன செய்யறார்? நாலு பேர் முன்னாடி சிரிக்கிறாரா, இல்ல "ஏன் அப்படி நினைச்ச?"ன்னு கேக்குறாரா? ரெண்டு, "எனக்கு இது தெரியாது, இன்னார்கிட்ட கேளு"ன்னு அவர் வாயில எப்பவாவது வந்திருக்கா? வந்ததே இல்லைன்னா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

13/
இப்ப சீனியர்கள் பக்கம் வர்றேன். "இந்தக் காலத்துப் பசங்க எதையும் கேக்குறதே இல்ல"ன்னு சொல்லுவீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டப்ப "இது கூட தெரியாதா, எப்படி பாஸ் பண்ண?"ன்னு திட்டினது யாரு? அடுத்த தடவை அவன் கேக்கமாட்டான், சார்பிட்ரேட்டை வச்சிடுவான். அந்தத் திட்டுக்கு விலை கொடுக்கிறது அவனோ நீங்களோ இல்லை, நோயாளி.

14/
அடுத்தது, இந்த உறவால பெரியவங்களுக்கு என்ன லாபம்? இதை யாரும் பேசுறதில்ல. மேடம் ஒருநாள் சொன்னாங்க: "உன் இடத்துல இருந்து வர்ற ரெஃபரல் சீட்டுல மட்டும்தான் நேரம் எழுதியிருக்கு." வலி ஆரம்பிச்ச நேரம், ஈசிஜி எடுத்த நேரம், கொடுத்த மருந்து, டோஸ், எல்லாம் சீட்டோட மேல் பகுதியிலயே எழுதி அனுப்புவேன். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமான்னு அங்க முடிவு எடுக்க அந்த நேரம்தான் முக்கியம். மயக்கத்துல வர்றவரையும் பதறிப்போன சொந்தக்காரங்களையும் விசாரிக்கிற வேலை அவங்களுக்கு மிச்சம்.

15/
அதுல இருந்துதான் அடுத்தது வந்துச்சு. "நெஞ்சு வலின்னு வந்தா பத்து நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும். உன் இடத்துல எவ்வளவு ஆகுதுன்னு குறிச்சு வை"ன்னாங்க. ஒரு பழைய நோட்டுல ஆறு மாசம் குறிச்சேன். பகல்ல பிரச்சனை இல்லை, ராத்திரிதான் தாமதம். காரணம் என்னன்னா, ஈசிஜி மிஷின் இருந்த அறையோட சாவி பகல் ஷிஃப்ட் முடிஞ்சதும் வேற கட்டடத்துக்குப் போயிடும். மிஷினை அவசர சிகிச்சை அறைக்கு மாத்தினோம். செலவு ஒரு பைசா இல்லை. கேள்வி அவங்களோடது, நோட்டு என்னோடது.

16/
அதை ஒரு மாநாட்டுக்கு அனுப்பலாம்னு பேச்சு வந்தப்ப, எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மேடம் சொன்னாங்க: "முதல் பேர் உன்னோடது, கடைசிப் பேர் என்னோடது. சரியா?" அந்த ஒரு கேள்விக்காகவே அவங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். ஏன்னா அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஏமாந்திருந்தேன்.

17/
படிக்கிற காலத்துல ஒரு பேராசிரியருக்காக மூணு மாசம் கேஸ் ஷீட் பாத்து எக்செல்ல ஏத்தினேன், கட்டுரையோட முதல் வரைவையும் எழுதினேன். கட்டுரை வந்துச்சு, என் பேர் இல்லை. கேக்க பயம். ஐசிஎம்ஜேஇ விதிகள்னு உலகம் முழுக்க மருத்துவ இதழ்கள் ஏத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு. ஆய்வுல கணிசமான பங்கு, எழுதுறதுல அல்லது திருத்துறதுல பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பு: இந்த நாலும் இருந்தாத்தான் ஆசிரியர். முதல் நிபந்தனையை நிறைவேத்தினவங்களுக்கு எழுதுறது, திருத்துறது, இறுதி ஒப்புதல் இதுக்கெல்லாம் வாய்ப்பு தராம பேரை வெட்டக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு. அன்னைக்கு இது எனக்குத் தெரியாது. நீங்க தெரிஞ்சுக்கோங்க, வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

18/
உறவு கெட்டுப்போறதை எப்படி கண்டுபிடிக்கிறது? கடைசியா அவர் உங்ககிட்ட கேட்ட அஞ்சு விஷயத்தை எழுதிப் பாருங்க. ரயில் டிக்கெட், பையனோட ப்ராஜெக்ட், பவர்பாயின்ட் டைப்பிங்னு இருந்தா, நீங்க சம்பளமில்லாத உதவியாளர். சண்டை வேண்டாம். கையில இருக்கிற வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு, "அடுத்த மாசத்துல இருந்து முடியாது சார்"னு சொல்லி விலகிடுங்க.

19/
நம்ம பக்கத்துலயும் கெடும். ஒரு கட்டத்துல நான் சின்னச் சின்ன விஷயத்துக்கும் மேடத்தைக் கேட்டேன். "இதுக்குப் பதில் உனக்கே தெரியும், ஏன் என்னைக் கேக்குற?"ன்னாங்க. சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா உண்மை. தெரியாததைக் கேக்குறதை விட்டுட்டு, தப்பானா பழியைப் பகிர்ந்துக்க ஆள் தேடியிருக்கேன். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை, இருபது நிமிஷம், மூணு கேஸ்னு மாத்திக்கிட்டோம். அதுல ஒண்ணு நான் தப்பு பண்ணின கேஸா இருக்கணும்.

20/
உங்க வேலை வேறயா இருக்கலாம். கோர்ட்ல ஜூனியரா இருக்கலாம், லேத்துல நிக்கலாம், பள்ளிக்கூடத்துல முதல் வருஷ டீச்சரா இருக்கலாம். இந்த வாரம் நீங்க முடிவெடுத்த, ஆனா சந்தேகமா இருக்கிற ஒரு விஷயத்தை எடுங்க. என்ன நடந்தது, நீங்க என்ன செஞ்சீங்க, ஒரு கேள்வி. உங்களுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி போறவருக்கு அனுப்புங்க. பதில் வந்தா அதைச் செஞ்சு பாத்துட்டு, என்ன ஆச்சுன்னு திரும்பச் சொல்லுங்க. வரலைன்னா பத்து நாள் கழிச்சு ஒரு தடவை நினைவுபடுத்துங்க, அப்புறம் வேற ஆளைப் பாருங்க.

21/
எனக்கு "மென்டரா இருங்க"ன்னு மெசேஜ் போட்டவங்களுக்கும் இதேதான் பதில். கேஸோட வாங்க. பேசுவோம்.