படத்தின் மேல் எழுத்து: புள்ளி பிழைக்க வேண்டும்

கல்லூரி மலர்களிலும் கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் பக்கம் முழுவதையும் ஒரு நிழற்படத்தால் நிரப்பி, அதன் மேலேயே தலைப்பையும் செய்தியையும் அச்சிடும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. கண்ணுக்கு விருந்தாகும் முறைதான் இது. ஆயினும் அப்பக்கங்களுள் பல, பார்க்கப்படுகின்றனவே அன்றிப் படிக்கப்படுவதில்லை. மாணவர் ஒருவரின் முதற்கவிதை, மறைந்த பேராசிரியர் ஒருவரைப் பற்றிய இரங்கலுரை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் ஆகியவை இலைகளுக்கும் முகில்களுக்கும் இடையே கரைந்துபோகின்றன. அழகுக்காக எழுத்தைப் பலி கொடுப்பது தமிழ்த்துறை வெளியீட்டுக்கு ஏற்புடையதன்று என்பது நம் கருத்து.

பிறமொழியாரினும் நாம் இதில் கூடுதலாகக் கவலைகொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு. தமிழெழுத்தின் பொருள் மிகச் சிறிய உறுப்புகளில் தங்கியிருக்கிறது. புள்ளி ஒன்று மறைந்தால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். மேல்விலங்கின் சிறு சுழி கண்ணுக்குத் தெரியாவிடில் 'தீன்' என்னும் சொல் 'தின்' என்றாகிவிடும். மார்க்கத்தைக் குறிக்கும் சொல் உணவுக் கட்டளையாக மாறுவது சிரிப்புக்குரியதன்று. அரபு எழுத்திலும் நிலை இதுவே. பா, தா, ஸா ஆகிய மூன்றும் வடிவால் ஒன்றே. கீழே ஒரு புள்ளியிட்டால் பா, மேலே இரண்டிட்டால் தா, மூன்றிட்டால் ஸா. இறைவசனத்தைப் பூந்தோட்டப் படத்தின் மேல் அச்சிடுவோர் இதனை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஏட்டில் எழுதிய நம் முன்னோர், ஓலை கிழிந்துவிடும் என்றஞ்சிப் புள்ளியிடாது விடுவது பெருவழக்காக இருந்தது. படிப்பவர் இடமறிந்து மெய்யை உணர்ந்துகொண்டனர். அச்சு நமக்குப் புள்ளியை உறுதியாகத் தந்தது. அதனைப் பின்னணிப் படத்துக்குள் நாமே தொலைத்துவிடலாமா? ஆகவே படத்தைத் தேர்வதற்கும் வெட்டுவதற்கும் ஒரே அளவுகோலை முன்வைக்கிறோம்: புள்ளி பிழைக்கிறதா என்பதே அது.

முதலில் தேர்வு. தனியே பார்க்கும்போது சிறந்த படம், பின்னணியாகவும் சிறந்திருக்கும் என்பதில்லை. வேப்பமரத்தடியில் வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும் காட்சி கண்ணுக்கு இனியது. ஆனால் அந்த ஒளிப்பொட்டுகள் ஏறத்தாழ நம் மெய்ப்புள்ளியின் அளவிலேயே இருப்பதால், எது எழுத்தைச் சேர்ந்தது, எது மரத்தைச் சேர்ந்தது என்று கண் தடுமாறும். பின்னணியின் நுணுக்கங்கள் எழுத்தின் உறுப்புகளை ஒத்த அளவில் இருக்கும்போதுதான் தொல்லை மிகுதி. வெறும் வானம், சுண்ணாம்புச் சுவர், அசைவற்ற நீர், நிழலாழ்ந்த மண்டபம் போன்ற அமைதியான பரப்பு படத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். அவ்வமைதியிடத்தை நோக்கியே எழுத்து செல்ல வேண்டும்.

அடுத்தது வெட்டுதல். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்குவோம். இசுலாமியத் தமிழ் இலக்கியக் கருத்தரங்கு ஒன்றின் மலருக்கு, நாகூர் தர்காவின் வெண்ணிற மினாரா ஒன்று வானில் உயர்ந்து நிற்கும் படத்தை முகப்பாக்க விரும்புகிறோம் என்று கொள்வோம். மலர் ஏ4 அளவு. அதாவது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். விளிம்புவரை படம் வர வேண்டுமானால், தாளை வெட்டும் கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் படம் நீள வேண்டும். எனவே நமக்குத் தேவை 216க்கு 303 மில்லிமீட்டர்.

படமோ கிடைமட்டமாக எடுக்கப்பட்டது. 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். உயரம் முழுவதையும் பயன்படுத்தினால், நிற்கும் பக்கத்துக்கு அகலத்தில் ஏறக்குறைய 2850 பிக்சல் மட்டுமே தேவைப்படும். பாதிக்கு மேற்பட்ட படம் வெளியே போய்விடும்! அங்குலத்துக்கு 335 பிக்சல் கிடைப்பதால் அச்சுத் தெளிவுக்குக் குறைவில்லை. 300 இருந்தாலே போதுமானது. ஆனால் கைப்பேசிச் செயலி வழியே சுருங்கி, 1600க்கு 1200 என்ற அளவில் வந்துசேர்ந்த படமாயின், இதே வெட்டுக்கு அங்குலத்துக்கு 100 பிக்சலே எஞ்சும். மினாராவின் விளிம்புகள் மங்கிப் படிக்கட்டுகளாகத் தெரியும். ஆதலால் படம் எடுத்தவரிடமிருந்து மூலக்கோப்பையே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இனி, அந்த 2850 பிக்சல் சட்டத்தைப் படத்தின் எப்பகுதியில் வைப்பது? பழக்கத்தால் நம் கை மினாராவை நடுவில் நிறுத்தும். அப்போது தலைப்பு அதன் அடுக்குகளுக்கும் சாளர நிழல்களுக்கும் மேலே விழும். ஓரெழுத்து வெண்சுவரிலும் மறு எழுத்து கருநிழலிலும் நிற்க, எந்த நிறம் கொடுத்தாலும் பாதித் தலைப்பு மறையும். மாறாக, மினாரா வலப்புற மூன்றில் ஒரு பங்கில் நிற்குமாறு சட்டத்தை இடப்பக்கம் நகர்த்தினால், இடப்புறம் 140 மில்லிமீட்டர் வானம் கிடைக்கும். ஓரத்தில் 15 மில்லிமீட்டர் விட்டால், எழுத்துக்கு 125 மில்லிமீட்டர் இடம் உண்டு. 'இசுலாமியத் தமிழ் இலக்கியக் கருத்தரங்கு' என்ற தலைப்பை நான்கு வரியாக்கி இடப்புறம் ஒழுங்குபடுத்தினால், அதிலுள்ள ஆறு புள்ளிகளும் வெறும் வானத்தில் நிற்கும். மினாராவின் உச்சி மேல்விளிம்பை ஒட்டியிராமல், வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். இல்லையேல் கத்தி உச்சியைக் கொய்துவிடும். இடம் போதவில்லையென்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவோரும் உளர். கட்டடத்தில் பொறித்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது, நிறம். படத்தின் மேல் வெள்ளெழுத்தே அழகு என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் நெறிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையேயுள்ள ஒளிவேறுபாட்டை ஒரு விகிதத்தால் அளக்கின்றன. சிறிய எழுத்துக்கு 4.5, பெரிய தலைப்புக்கு 3 என்பன குறைந்தபட்ச அளவுகள். திரைக்காக வகுத்த நெறியாயினும், அச்சுக்கும் இது நல்ல வழிகாட்டி. இளநீல வானத்தின் மேல் வெள்ளெழுத்து வைத்தால் இவ்விகிதம் ஏறத்தாழ 1.7 தான். அதே வானத்தில் கருப்பெழுத்துக்கோ 12 கிடைக்கிறது. நம் மினாராப் படத்துக்குக் கருப்பெழுத்தே தக்கது என்பது இதனால் தெளிவாகிறது.

வெள்ளெழுத்துத்தான் வேண்டும் என்பார் படத்தை இருளாக்க வேண்டும். எவ்வளவு? படத்தின் மேல் கருப்பு மென்படலம் ஒன்றை விரித்து, அதன் அடர்த்தியை நூற்றுக்கு 50 ஆக வைத்தால், தூய வெண்முகிலின் மேலுள்ள வெள்ளெழுத்துக்கு விகிதம் 4-ஐ எட்டாது. 54 ஆக்கினால் 4.5-ஐத் தொடும், 60 ஆக்கினால் 5.7 ஆகும். கணக்கிடும்போது படத்தின் சராசரி ஒளியைக் கொள்ளலாகாது. வெள்ளெழுத்தாயின் அதன் அடியிலுள்ள மிக வெளிச்சமான இடத்தையும், கருப்பெழுத்தாயின் மிக இருண்ட இடத்தையும் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி அழிவதற்கு ஒரு முகிற்கீற்று போதுமன்றோ! பக்கம் முழுவதும் படலம் விரித்தால் படமே இறந்துவிடும். எழுத்துள்ள பகுதியில் அடர்ந்து, மெல்ல மெல்ல மறையும் படலமே சாலச் சிறந்தது.

இதற்கு மாறாக எழுத்தைச் சுற்றித் தடித்த வெண்கோடு இழுக்கும் முறையை நாம் ஏற்பதற்கில்லை. தமிழெழுத்தின் சுழிகள் குறுகியவை. கோடு உட்புறமாகவும் பரவும்போது 'ண'கரத்தின் சுழிகள் அடைபட்டு, மெய்யின் புள்ளியும் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

அச்சகத்தில் இன்னொரு கண்டமும் உண்டு. இருண்ட படத்தின் மேல் வெள்ளெழுத்து என்றால், அவ்விடத்தில் நான்கு மைகளும் விலகி வெறுந்தாள் தெரிய வேண்டும். ஒரு மைத்தகடு இம்மியளவு நகர்ந்தாலும் அந்த மை எழுத்துக்குள் புகும். மையை உறிஞ்சும் தாளாயின் மை பரவிப் புள்ளியின் வெண்மையை மூடும். பெரிய தலைப்பு இதனைத் தாங்கும். 10 புள்ளியளவுக்குக் குறைந்த எழுத்து தாங்காது. கருப்பெழுத்தையும் நான்கு மை கலந்து அச்சிடாமல், கருப்பு மை ஒன்றினாலேயே, பின்னணியின் மேல் நேரே பதியுமாறு அமைக்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தலைப்புக்கும், ஓரிரு வரி வாசகத்துக்குமே பொருந்தும். கட்டுரைக்கும் கவிதைக்கும் பெயர்ப் பட்டியலுக்கும் பின்னே படம் கூடாது என்பதே நம் உறுதியான நிலை. வெளிறச் செய்த படந்தானே என்பர் சிலர். வெளிறிய படம் படமாகவும் சுவை தருவதில்லை. எழுத்தையும் நிம்மதியாக நிற்க விடுவதில்லை. முதியோர் கண்ணுக்கு ஒளிவேறுபாடு குறைந்தால் படிப்பதே துன்பம். அவர்கள் தம் பழைய மாணவர் பெயரைத் தேடும் பக்கத்தில் மறைப்புத் திரை எதற்கு? பக்கத்தின் மேற்பாதியில் படத்தை விளிம்புவரை விரித்து, கீழ்ப்பாதியில் வெள்ளைத் தாளில் எழுத்தை வைத்தால் இரண்டுக்கும் மரியாதை கிட்டும்.

மலர்க்குழுவினருக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லி முடிக்கிறோம். பக்கத்தை உண்மை அளவில், நிறமின்றிக் கருப்புவெள்ளையில் ஒரு படி எடுங்கள். நிறம் நீங்கியதும் ஒளிவேறுபாட்டின் உண்மை வெளிப்படும். அப்படியைச் சுவரில் ஒட்டி, கைநீளத் தூரத்தில் நின்று, அச்செய்தியை முன்னறியாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பழக்கமான சொற்களை அவர் ஊகித்துப் படித்துவிடலாம். ஆகவே ஊகிக்க இயலாத ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் எப்படிப் படிக்கிறார் என்று கவனியுங்கள். ஒரு பெயரில் தயங்கினாலும் படத்தை நகர்த்துங்கள், அல்லது மாற்றுங்கள். எழுத்தைத் தொட வேண்டா.