சொல்லுக்குத் தகப்பன் தேடுவோருக்கு

அண்மையில் மீலாத் மலரொன்றில் ஒரு கட்டுரை வாசிக்கக் கிடைத்தது. முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கிய சொற்களைப் பட்டியலிட்ட கட்டுரையாளர், 'அல்ஜீப்ரா' என்பது ஜாபிர் இப்னு ஹையான் என்ற இரசாயன மேதையின் பெயரிலிருந்து பிறந்ததென்று எழுதியிருந்தார். அதே வசனத்தை மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அது பிழை. போதாக்குறைக்கு அது நம்முடைய பிழையும் அல்ல. ஜாபிரை 'கெபர்' என்றழைத்த 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் சிலர் செய்த ஊகம். அவர்கள் கைவிட்டதை நாம் எடுத்து நம் பெருமையாகச் சூடிக்கொள்கிறோம்.

ஒரு சொல் ஆளின் பெயரிலிருந்து வந்ததென்றால் அதை எப்படி நிரூபிப்பது? பகிஷ்கரிப்பைக் குறிக்கும் 'போய்கொட்' என்ற சொல்லைப் பாருங்கள். சார்ல்ஸ் போய்கொட் என்பவர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் காணிகளுக்கு முகவராக இருந்தார். 1880 செப்டெம்பரில் குத்தகைக் குறைப்புக் கேட்ட விவசாயிகளை வெளியேற்ற முனைந்தபோது ஊரே அவரை ஒதுக்கியது. கூலியாட்கள் வயலுக்கு வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல்லாக்கிவிட்டன. ஆள் முதலில், சம்பவம் அடுத்து, சொல் அதன் பின். மூன்றுக்கும் திகதியிட்ட எழுத்துச் சான்று உண்டு. பெயர் ஏன் சொல்லானது என்பதற்கும் காரணம் தெரிகிறது. ஒலி ஒத்துப்போகிறது என்பது மட்டும் இங்கே சான்றல்ல.

இந்த உரைகல்லில் 'அல்ஜீப்ரா'வை உரசிப் பார்ப்போம். 9ஆம் நூற்றாண்டில், கலீபா மஃமூனின் காலத்து பக்தாதில், முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலேயே 'அல் ஜப்ர்' இருக்கிறது. சமன்பாட்டில் கழிக்கப்பட்டிருக்கும் உறுப்பை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டி, குறையை நிறைவாக்குவதே ஜப்ர். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அறபியில் அதே சொல்தான். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் லத்தீனுக்குப் போனபோது சொல்லும் கூடவே போனது. ஆகவே இது ஆளின் பெயரல்ல, ஒரு செய்கையின் பெயர். ஜாபிர் என்ற பெயரும் ஜீம், பே, றே என்ற அதே மூலத்திலிருந்து வந்தது உண்மையே. அதனால் அது இச்சொல்லுக்கு உறவாகலாம், தகப்பனாகாது. மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் இது விளங்கும். ஆனாலும் அறபு தெரிந்த நம்மவரே இதைப் பாராமல் விட்டுவிடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் தேடும் ஆட்பெயர் அதே மனிதரிடம்தான் இருக்கிறது. இந்திய இலக்கங்களால் கணக்கிடும் முறையைப் பற்றியும் அவர் ஒரு நூல் எழுதினார். அதன் அறபு மூலம் தொலைந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் உள்ள லத்தீன் கையெழுத்துப் பிரதி "அல்கோரிஸ்மி சொன்னார்" என்று தொடங்குகிறது. அந்தப் பெயரே நாளடைவில் இலக்கக் கணக்குமுறையின் பெயராயிற்று. பிறகு எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் சாயல் ஏறி 'அல்கோரிதம்' ஆனது. இன்று கணினிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு செய்முறைக்கும் அதுதான் பெயர். இன்னும் பின்னே போனால் 'குவாரிஸ்மி' என்பதே ஊரைக் குறிக்கும் பெயர். ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்மைச் சேர்ந்தவர் என்பதே அதன் பொருள்.

இங்கேதான் நமக்கொரு பாடம் இருக்கிறது. சொல் நிலைத்தது, ஆள் மறக்கப்பட்டார். மத்தியகால ஐரோப்பாவில் அச்சொல்லுக்கு விளக்கம் தேடியவர்கள், 'அல்கோர்' என்றொரு இந்திய மன்னனைக் கற்பனை செய்து அவன் தலையில் முடி வைத்தார்கள். அப்படியொரு மன்னன் இருந்ததேயில்லை. 1849இல் ரெய்னோ என்ற பிரெஞ்சு அறிஞர்தான் அல்கோரிஸ்மியும் அல் குவாரிஸ்மியும் ஒருவரே என்று எடுத்துக்காட்டினார். 1857இல் பொன்கொம்பாஞ்னி என்ற இத்தாலியர் கேம்பிரிட்ஜ் பிரதியை அச்சேற்றினார். அதன் பின் ஊகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

ஒலியை மட்டும் கேட்டுத் தகப்பன் தேடியவர்களால் நம்முடைய மேதை நூற்றாண்டுக் கணக்கில் பெயரிழந்து கிடந்தார். அவரை மீட்டது கைதட்டல் அல்ல, கையெழுத்துப் பிரதி. இப்போது நாமே அதே காரியத்தைச் செய்கிறோம். அல் குவாரிஸ்மியின் நூலில் பிறந்த சொல்லைப் பறித்து ஜாபிருக்குக் கொடுக்கிறோம். தான் கற்பித்த கணக்குமுறை இந்தியருடையது என்பதை அந்தப் பெரியார் மறைக்கவில்லை. பிறருக்குரியதைப் பிறருக்கே கொடுத்த ஒருவரின் பெயரால் பெருமை பேசுகிறவர்கள், முதலில் அவருக்குரியதை அவருக்குக் கொடுக்கட்டும்.