“எது நல்லதோ அதையே செய்யுங்கள்”

சிறுநீரகப் பிரிவின் ஆலோசனை அறையில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம் இதுவே. சிறுநீரகம் ஏறத்தாழ முற்றிலும் செயலிழந்து விட்டது, இனி டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்று தேவை என்று விளக்கி முடித்தவுடன், நோயாளியோ உடன் வந்தவரோ கைகூப்பிச் சொல்வார்: “எங்களுக்கு ஒன்றும் தெரியாது டாக்டர். எது நல்லதோ அதையே செய்யுங்கள்.” நம்பிக்கையால் வரும் சொல் அது. அந்த நம்பிக்கைக்கு நாங்கள் நன்றி உடையவர்கள். ஆயினும், அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு நாங்கள் விடை கூறும்போது பல நேரங்களில் அவ்விடை தவறாகிவிடுகிறது என்பதே எங்கள் கருத்து. ஒரு நிகழ்வைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து நாற்பத்தாறு வயது மீனவர் ஒருவர் எங்களிடம் வந்தார். விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இரு சிறுநீரகங்களையும் பழுதாக்கியிருந்தது. மனைவியும் மைத்துனரும் உடன் வந்திருந்தனர். எது நல்லது என்று மைத்துனர் கேட்டார். எங்கள் பிரிவில் பெரும்பாலோர்க்குப் பரிந்துரைப்பதையே அவருக்கும் பரிந்துரைத்தோம்: வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ். அதற்காகப் பிப்ரவரியில் இடக்கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டது. தமனியையும் சிரையையும் இணைக்கும் இச்சிறு அறுவையில், ஊசி குத்தும் அளவுக்கு இரத்தக்குழாய் தடிக்க ஆறு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் டயாலிசிஸ் தொடங்கியது. அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்கள் ஒதுக்கப்பட்டன.

முதல் எட்டு வாரங்கள் ஒரு முறைகூட அவர் தவறவில்லை. எடை, இரத்த அழுத்தம், பொட்டாசியம் அனைத்தும் சீராக இருந்தன. இவர் நல்ல நோயாளி என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஜூன் இறுதியில் திங்கட்கிழமை வரவில்லை, புதனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து, உறவினர் வீட்டு விசேஷம் என்றார். அடுத்த வாரமும் அவ்வாறே நடந்தது. அதற்கடுத்த வாரம் நள்ளிரவில் படுக்க முடியாத மூச்சுத்திணறலுடன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடலில் ஐந்து கிலோ அளவுக்கு நீர் தேங்கி, நுரையீரலுக்குள்ளும் புகுந்திருந்தது. பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய அளவுக்கு உயர்ந்திருந்தது. அன்றிரவே டயாலிசிஸ் செய்து உயிரைக் காப்பாற்ற முடிந்தது.

காரணம் கடற்கரையில் வாழும் எவருக்கும் உடனே புலப்பட்டிருக்கும், எங்களுக்குப் புலப்படவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அவர் தவறாமல் வந்தது அந்த நாட்களில்தான். தடை நீங்கியதும் படகுகள் கடலுக்குச் சென்றன. பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் கடலுக்குச் செல்வது திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களே. நாங்கள் கொடுத்த மூன்று நாட்களில் இரண்டு, அவர் கூலி ஈட்டும் நாட்களாக அமைந்துவிட்டன. மேலும், படகு உரிமையாளரிடம் அவர் முன்பணம் வாங்கியிருந்தார். தொழிலுக்குப் போகாவிட்டால் அதைத் திருப்பித் தர வழியில்லை. ஃபிஸ்டுலா உள்ள கையால் வலைக்கயிற்றை இழுக்கக் கூடாது என்று செவிலியர் சொன்னபோதும் அவர் தலையசைத்தாரே தவிர, “என் தொழிலே அதுதானே” என்று சொல்லவில்லை.

பின்னர் அவரைத் தனியே அமர்த்திக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்பது தெரிந்தது. முன்பணம் மைத்துனருக்குத் தெரியாது. அவர் முன்னிலையில் கடனைப் பற்றிப் பேச இவருக்கு மனம் இடந்தரவில்லை. பணத்தைப் பற்றிப் பேசினால் மருத்துவர்கள் கவனிப்பைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருந்தது. இவை இரண்டும் பலரிடம் நாங்கள் காண்பவையே. பிழை அவருடையது மட்டுமன்று. தொழில் என்ன என்று கேட்டு “மீனவர்” என்று எழுதிக்கொண்ட நாங்கள், எந்தெந்த நாளில் கடலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

“எது நல்லது” என்ற கேள்விக்கு ஏன் நேரான விடை இல்லை என்பதை இனிச் சொல்லலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, மேலே கூறிய இயந்திர டயாலிசிஸ். இரண்டாவது, வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியே ஏறக்குறைய இரண்டு லிட்டர் திரவத்தைச் செலுத்திச் சில மணி நேரம் வைத்திருந்து, வெளியேற்றிப் புதிதாக நிரப்ப வேண்டும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இதை வீட்டிலேயே செய்யலாம். மூன்றாவது, சிறுநீரக மாற்று. உடலும் சூழலும் இடங்கொடுப்போர்க்கு நீண்ட ஆயுள் தருவது இதுவே. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நெருங்கிய உறவினர் தரலாம். இல்லையேல் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்து காத்திருக்கலாம். ஆனால், அதன்பின் வாழ்நாள் முழுவதும் மாத்திரைகளை வேளை தவறாமல் உண்ண வேண்டும். சில வாரங்கள் விட்டாலே பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடக்கூடும்.

இரண்டு வகை டயாலிசிஸில் எது உயர்ந்தது என்று பொதுப்படக் கேட்டால், பெரும்பாலோர்க்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனையே தரும் என்பதே மருத்துவ விடை. ஆகவே, தேர்வைத் தீர்மானிப்பது இரத்தப் பரிசோதனைத் தாள் மட்டுமன்று. மையத்துக்கு வரும் பேருந்து, வீட்டின் ஓர் அறை, உதவிக்கு இருக்கும் ஒரு கை, மாதந்தோறும் கையிலிருந்து செலவாகும் தொகை ஆகியவையும் தீர்மானிக்கின்றன. இவற்றை அறியாமல் நாங்கள் சொல்லும் விடை, எங்கள் மனத்தில் உள்ள ஏதோ ஒரு நோயாளிக்கான விடை. அவர் மருத்துவமனைக்கு அருகில் குடியிருப்பவர், மாதச் சம்பளக்காரர், விடுப்பு எடுக்கக்கூடியவர். ஜெகதாப்பட்டினத்து மீனவர் அவரல்லர்.

இரண்டாம் முறை அவரிடம் நான்கு செய்திகளைக் கேட்டோம். மாதம் எவ்வளவு செலவிட முடியும்? எந்த நாட்களில், எவ்வளவு தொலைவு வர முடியும்? வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள்? எதை மட்டும் இழக்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள்? கடல் தொழில் என்பார் என எதிர்பார்த்தோம். அவரோ, முன்பணம் அடையும் வரை ஏதேனும் ஒரு கூலி வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் படிப்பு நிற்கக் கூடாது என்றார். சிறுநீரகம் தர மனைவி முன்வந்ததையும் அப்போதுதான் சொன்னார். அவர் அதை விரும்பவில்லை. இருவரும் படுத்துவிட்டால் வீட்டைப் பார்க்க ஆளில்லை என்பது அவர் கவலை.

விடை மாறியது. முதலில், நாட்களை மட்டும் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று மாற்றலாமா என எண்ணினோம். ஆனால், இரவு முழுவதும் கடலில் உழைத்துக் காலையில் கரையேறுபவர் அன்றே பேருந்து ஏறி, அறந்தாங்கியில் வண்டி மாறி வந்து நான்கு மணி நேரம் டயாலிசிஸில் இருப்பது நடவாத செயல். வயிற்றுவழி டயாலிசிஸைப் பேசினோம். அதில் கடலுக்குப் போகலாமா என்று கேட்டார். கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னோம். படகுத் தளத்தில் தூய்மையாகத் திரவம் மாற்ற இயலாது. குழாய் வெளிவரும் இடத்தில் கடல்நீர் படக் கூடாது. ஆனால், கரையில் அமர்ந்து வலை பழுது பார்க்கலாம். வேளைக்கு வேளை வீட்டுக்கு வந்து திரவத்தை மாற்றிக்கொள்ளலாம். படகு உரிமையாளரிடம் பேசி, முன்பணத்தை அந்தக் கூலியில் கழித்துக்கொள்ள இசைவு பெற்றார்.

அதன்பிறகு வீட்டைப் பற்றி விரிவாகக் கேட்டோம். திரவம் மாற்றும்போது கதவை அடைத்து மின்விசிறியை நிறுத்தி வைக்க ஓர் இடம், கை கழுவ நல்ல தண்ணீர், மாதம் ஏறத்தாழ நூறு திரவப் பைகளை வெயில் படாமல் அடுக்கி வைக்க ஒரு மூலை ஆகியவை உண்டா என்று உறுதி செய்தோம். அவர் மனைவிக்கும் பயிற்சி அளித்தோம். வெளியேறும் நீர் கலங்கலாக இருந்தால், வயிற்று வலி இல்லாவிட்டாலும் அன்றே அந்தப் பையுடன் வர வேண்டும் என்பதை இருமுறை திருப்பிச் சொல்லச் செய்தோம். வயிற்றினுள் தொற்று ஏற்பட்டதற்கு அதுவே முதல் அறிகுறி. இவ்வழியின் பெருங்குறையும் அத்தொற்றே.

இதைப் படிப்போர் வயிற்றுவழி டயாலிசிஸே சிறந்தது என்று முடிவு செய்யலாகாது. அதே கரையிலிருந்து வரும், கண்பார்வை மங்கிய, கை நடுக்கமுள்ள, தனியே வாழும் மூதாட்டிக்கு அது தகாது. மருத்துவமனைக்கு வந்து செவிலியர் கையால் செய்துகொள்ளும் டயாலிசிஸே அவருக்குப் பாதுகாப்பு.

பணத்தைப் பற்றிப் பேசத் தயங்குவோர்க்கு ஒரு சொல். நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் வாரம் இரண்டு ஊசி எழுதுவோம். நீங்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்று போட்டுக்கொள்வீர்கள். இரத்தம் ஏறவில்லையே என்று நாங்கள் மருந்தின் அளவைக் கூட்டுவோம். சொல்லிவிட்டால், எதை விடக் கூடாது, எதைத் தள்ளிப்போடலாம், எதற்கு விலை குறைந்த மாற்று உண்டு என்று பிரித்துத் தர இயலும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழியில் எவை அதில் அடங்கும், எவை அடங்கா என்பதை முடிவெடுக்கும் முன்னரே காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள். பேருந்துக் கட்டணமும் இழக்கும் கூலியும் எந்தத் திட்டத்திலும் வாரா. கணக்கில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் முன் பேச இயலாத செய்தி இருந்தால், “டாக்டர், ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று சொன்னாலே போதும். ஃபிஸ்டுலா முற்ற இரண்டு மாதம் ஆகும் என்பதால் இப்பேச்சை மூச்சுத் திணறும் நாள்வரை ஒத்திவைக்க வேண்டாம். அடுத்த முறை எங்களிடம் கேட்கும்போது இவ்வாறு கேளுங்கள்: “மாதம் இவ்வளவுதான் முடியும். இந்த நாட்களில்தான் வர முடியும். வீட்டில் இன்னார் இருக்கிறார். இதை மட்டும் விட முடியாது. இப்படியிருக்க, எனக்கு எது நல்லது?” இக்கேள்விக்கு எங்களால் விடை சொல்ல முடியும். இவற்றைக் கேளாமலேயே நாங்கள் விடை சொல்லத் தொடங்கினால், எங்களை நிறுத்திச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.