எக்கோ ரிப்போர்ட் ஓ.எல். ரிசல்ட் இல்லை

எங்கட மாமிக்கு 67 வயது. பிரஷரும் சீனி வருத்தமும் பதினைந்து வருஷமா இருக்கு. கிணற்றடியிலிருந்து குசினிக்கு வர ரெண்டு தரம் நிற்கிறா, ராவைக்கு மூணு தலகாணி வெச்சுத்தான் படுக்கிறா. எக்கோ எடுத்தோம், ஈ.எஃப் 60 சதவீதம் என்று வந்தது. "இதயம் நல்லம், இது வயசும் கேஸும்தான்" என்று குடும்பமே தீர்ப்புச் சொன்னது. இன்னொரு மச்சான், "60 என்றா சீ பாஸ்தானே, ஏன் 100 இல்ல?" என்று கேட்டார். ரெண்டு பேச்சும் பிழை.

ஈ.எஃப் என்பது புள்ளி இல்லை, விகிதம். இதயத்தின் இடது கீழறை நிரம்பியபோது இருந்த இரத்தத்தில் எத்தனை வீதம் ஒரு துடிப்பில் வெளியே போகுது என்பதுதான் அது. யாருடைய இதயமும் 100 எடுக்காது. 55இலிருந்து 70 வரை வந்தால் வழமையானது.

இப்ப ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு அறையில் 120 மில்லிலீற்றர் நிரம்பி 70 வெளியே போனால் 58 சதவீதம். பல வருஷப் பிரஷரால் சுவர் தடித்து விறைத்துப்போன இன்னொரு அறையில் 70தான் நிரம்புது. அதில் 42 வெளியே போனால் 60 சதவீதம். கூடின சதவீதம், ஆனா போன இரத்தம் குறைவு! சுருங்குவதில் குறையில்லை, தளர்ந்து நிரம்புவதில்தான் குறை. நிரப்ப அழுத்தம் கூடணும், அந்த அழுத்தம் பின்னால் நுரையீரலுக்கு ஏறும். மூணு தலகாணி அதால்தான்.

இது அரிய நோயும் இல்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஈ.எஃப் வழமையாகத்தான் இருக்கும். வயதான பெண்கள், பிரஷர், சீனி, உடற்பருமன் உள்ளவர்கள் இதில் அதிகம். அதாவது நம்முட வீடுகளில் "கேஸ்" என்று சொல்லி மூலையில் இருத்திவைக்கிற அதே ஆக்கள்.

வால்வு கசிந்தாலும் இந்த எண் ஏமாத்தும். மைட்ரல் வால்வு கசியும்போது ஒரு பங்கு இரத்தம் மேலறைக்கே திரும்பிப் போகுது, அதையும் "வெளியேறியது" என்றே ஈ.எஃப் எண்ணிக்கொள்ளும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோற குழாயில் அடைப்பு இருந்தாலும், ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த எக்கோவில் ஈ.எஃப் வழமையாக வரலாம்.

அதால ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியோட நிற்காதீங்க. இடது மேலறை பெருத்திருக்கா, சுவர் தடித்திருக்கா, நிரம்பும் அழுத்தம் கூடவா, வால்வு கசியுதா என்று டொக்டரிடம் கேளுங்க. பி.என்.பி என்ற இரத்தப் பரிசோதனையும் உதவும், ஆனா உடல் பருத்தவர்களில் அது குறைத்துக் காட்டும்.

மாமிக்கு மேலறை பெருத்திருந்தது. அது அதே ரிப்போர்ட்டில், ரெண்டு வரி கீழே எழுதியிருந்தது. படிச்ச வாத்தியார் நானும் 60ஐப் பார்த்திட்டு மடிச்சு வெச்சிட்டன். இப்ப நீர் போற குளிசையும் எம்பாகிளிஃப்ளோசினும் குடிக்கிறா. ஒரு தலகாணி குறைஞ்சிருக்கு.