தயிர் சாதத்துக்கு 345 ரூபாயா?

பில்லிலேயே பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து வைக்கும் ஹோட்டல்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதையும், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்ததையும் முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரமும் சென்னையில் ஒரு ஹோட்டலில் அதே கதை. நாலு பேர் சாப்பிட்டது 1,200 ரூபாய்க்கு. சர்வீஸ் சார்ஜ் 120. இரண்டையும் கூட்டி, 1,320-க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி 66. சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி! எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். நாமாகக் கையில் கொடுக்கும் டிப்ஸுக்கு வரி இல்லை. சாப்பாடு 1,200, ஜிஎஸ்டி 60, டிப்ஸ் அதே 120, ஆக 1,380.

“நாலாப் பிரிச்சிடலாம், ஆளுக்கு 345” என்றார் ஒரு நண்பர். தயிர் சாதமும் லைம் சோடாவுமாக 180 ரூபாய்க்கு மட்டும் சாப்பிட்ட தோழி, ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. குறைவாகச் சாப்பிட்டவர்தான் எப்போதும் வாய் திறக்க மாட்டார். கணக்குக் கேட்டால் கஞ்சம் என்று பேர் வரும் என்ற பயம்.

பில்லை வாங்கி வைத்துக்கொண்டேன். கோபி 65 ஒரு பிளேட் 240. தோழி அதைத் தொடவில்லை. சாப்பிட்ட மூவருக்கும் தலைக்கு 80. அவரவர் வாங்கியதோடு அதைச் சேர்த்தால் 320, 420, 280. தோழியின் 180-ஐயும் கூட்டினால் 1,200 சரியாக வருகிறது. இந்த இடத்தில் கூட்டிப் பார்ப்பது முக்கியம். குறைந்தால் யாரோ குடித்த காபி விட்டுப்போயிருக்கிறது.

அடுத்து, வரியையும் டிப்ஸையும் தனித்தனியாகப் பிரித்துத் திண்டாட வேண்டாம். 1,380-ஐ 1,200-ஆல் வகுத்தால் 1.15. அவரவர் தொகையை அதனால் பெருக்கினால் போதும். தோழிக்கு 207, மற்றவர்களுக்கு 368, 483, 322. கூட்டினால் 1,380. சமமாகப் பிரித்திருந்தால் தோழி 138 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார். வழக்கமாக நடக்கும் தப்பு இன்னொன்று உண்டு. எல்லோரும் மெனுவில் பார்த்த விலையை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கடைசியில் 180 ரூபாய் குறையும். அந்த 180 வரியும் டிப்ஸும்தான். அது கார்டு தேய்த்தவர் தலையில் விழும்.

“சர்வர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே நடந்தார், டிப்ஸை மட்டும் சமமாப் போடலாமே?” என்று கேட்டார் அதே நண்பர். அப்படிப் போட்டால் தலைக்கு 30. 420-க்குச் சாப்பிட்டவர் கொடுப்பது ஏழு சதவீதம், தோழி கொடுப்பது பதினாறு சதவீதத்துக்கும் மேல். பத்து சதவீதம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்த பிறகு அது எல்லோருக்கும் பத்தாகத்தான் இருக்க வேண்டும். நண்பர் மறுபேச்சில்லாமல் 483 கொடுத்தார். கவுண்டரில் 1,260 கட்டிவிட்டு, 120-ஐ ரொக்கமாகப் பரிமாறியவர் கையிலேயே கொடுத்தோம்.