பாகமும் கிலோவும்

பழவேற்காட்டுக் கடலோர மீனவர் கயிற்றை இறக்கி ஆழம் பார்க்கிறார். இரு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். சுமார் 6 அடி. கரைக்கு வந்ததும் இறாலைக் கிலோவில் நிறுக்கிறார். ஒரே ஆள், இரண்டு அளவு!

முன்பு இறாலுக்கும் வீசைதான். 40 பலம் ஒரு வீசை. 12 தம்படி ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். வீசை 3 ரூபாய் என்றால் 7 பலம் என்ன விலை? 8 அணா, மேலே 5 தம்படிக்குச் சற்றுக் குறைவு! கணக்குத் தெரியாதவர், வியாபாரி கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரான்ஸ் நாடு 1795-ல் இந்தச் சிக்கலை அறுத்தது. எல்லாம் பத்துப் பத்தாக! நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள பெட்டியில் பிடிக்கும் தண்ணீர் 1 லிட்டர். அதன் எடை 1 கிலோ. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கிராம்.

இந்தியா 1956-ல் சட்டம் செய்து, 1958 முதல் படிப்படியாக மாறியது. இன்று கிலோ 400 ரூபாய் என்றால் 700 கிராம் 280 ரூபாய். சிறுவனும் சொல்லிவிடுவான்!

அப்படியும் பழைய அளவை விடாத நாடு உண்டு. அமெரிக்காவில் 1975-ல் சட்டம் வந்தது. ஆனால் கட்டாயம் இல்லை. இயந்திரம், திருகாணி, நிலப் பத்திரம் எல்லாம் அங்குலத்திலும் அடியிலும் இருந்தன. மாற்றும் செலவுக்குப் பலர் துணியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்களுடைய பவுண்டுக்கே 1893 முதல் கிலோதான் அளவுகோல்!

பாகம் இருக்கட்டும். ஆழம் பார்ப்பவர் தமக்காகப் பார்க்கிறார். அங்கே ஏமாறுகிறவர் யாரும் இல்லை. காசு கைமாறும் இடத்தில் மட்டும், இரு தரப்பும் மனக்கணக்காகச் சரிபார்க்கக்கூடிய அளவு வேண்டும்.