பொட்டுப் பசைக்கும் குங்குமச் சாயத்துக்கும் கணக்குக் கேட்கிறோம்: மண்டபத்தூர்ப் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

புதுச்சேரி அரசின் நலவழித் துறைக்கும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், காரைக்கால் மாவட்ட ஆட்சியருக்கும், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும்.

எங்கள் தெருக்களில் பெண்களின் நெற்றியில் இரண்டு விதமான தடம் தென்படுகிறது. புருவ மத்தியில் பொட்டளவுக்கு வட்டமாக வெளுத்த தடம் ஒன்று. வகிட்டிலும் நெற்றி மேட்டிலும் சாம்பலும் பழுப்புமாகக் கறுத்த தடம் மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் ஒட்டுப்பொட்டின் பசையால் வருவது. இரண்டாவது குங்குமத்தால் வருவது. இரண்டுக்கும் அரிப்பு முன்னால் வரலாம். வெள்ளைத் தடம் சில சமயம் அரிப்பே இல்லாமலும் வந்துவிடும்.

மீன் விற்கப் போகும் ஒருத்திக்கு நடந்ததை அப்படியே சொல்கிறோம். காலையில் வைத்த பொட்டை ராத்திரி கண்ணாடியில் ஒட்டி, மறுநாள் அதையே எடுத்து வைப்பது அவள் வழக்கம். வெயிலும் வியர்வையும் சேர்ந்தபோது பொட்டின் அடியில் அரித்தது. சொறிந்துவிட்டு மறுபடியும் ஒட்டினாள். சில மாதத்தில் பொட்டை எடுத்தால் அந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. யாராவது கேட்டுவிடுவார்களே என்று கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கி மறைத்தாள். தடமும் அந்தப் பெரிய பொட்டின் அளவுக்கு விரிந்தது. மறுபடியும் பெரிய பொட்டு. நோயை வளர்த்ததே இந்த மறைப்புதான். அதற்குள் 'வெண்குஷ்டம்' என்று ஊர் பேசியது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும், அரிப்பு இருக்காது. இவளுக்கோ அரித்துக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டறிய யாருக்கும் பொறுமை இல்லை.

ஒட்டுப்பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருளையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த பிசின் இருக்கலாம். செருப்புக்கும் கைக்கடிகாரப் பட்டைக்கும் தோல் ஒட்டும் பசையிலும் இதே பிசின் உண்டு. பிசினாகச் சேராமல் மிச்சம் நிற்கும் ஃபீனால்தான் வெள்ளைத் தடத்துக்கு வேர். நிறமிச் செல் வழக்கமாக எடுத்து நிறமாக மாற்றும் டைரோசினின் சாயல் அதற்கு இருப்பதால், செல் அதையும் உள்ளே எடுத்துக்கொண்டு தானே நலிகிறது. பொட்டுப் பசையில் கட்டற்று நிற்கும் இந்த ஃபீனாலால் நிறம் போவதை 1990 இல் அலகாபாத்தின் ஏ.கே. பஜாஜும் உடன் இருந்த மருத்துவர்களும் ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் நாங்கள் வாங்கும் பொட்டு அட்டையின் பின்பக்கத்தில் விலையும் சாமி படமும்தான் இருக்கின்றன.

குங்குமத்தின் கதை வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது பழைய குங்குமம். கடைச் சரக்கில் மலிவான சாயமும், வாசனைக்கு எண்ணெயும் சேர்கின்றன. சூடான் சிவப்பு, பிரில்லியன்ட் லேக் ரெட் போன்ற சாயங்கள் ஒவ்வாமையைத் தூண்டிக் கறுப்பை விட்டுச்செல்பவை என்று தோல் மருத்துவம் அறியும். குங்குமத்தால் வந்த தோல் அழற்சியைப் பற்றி 46 பேரைக் கொண்ட ஆய்வை 2007 இல் நம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கதையை நம் புதுச்சேரியில் உள்ள மருத்துவமனையே எழுதி வைத்திருக்கும்போது, எங்கள் கோரிக்கைகளுக்குப் புதிய ஆதாரம் தேட வேண்டியதில்லை.

முதல் கோரிக்கை அட்டையைப் பற்றியது. காரைக்கால் மாவட்டத்தில் விற்கும் ஒவ்வொரு பொட்டு அட்டையிலும் பசையின் பெயர், செய்தவர் முகவரி, தொகுதி எண் ஆகியவற்றைத் தமிழில் அச்சிடச் செய்யுங்கள். பசையின் பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்ய முடியும். வெறும் 'தோலுக்கு உகந்தது' என்ற வாசகம் எங்களுக்கு வேண்டாம்.

குங்குமத்தைப் பொறுத்தவரை, திருநள்ளாறு கோயில் வாசலிலும் காரைக்கால் கடைத்தெருவிலும் எடை போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைக் கடையின் பெயரோடு வெளியிட வேண்டும். அழகுப்பொருள்களுக்கான 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி நிறப்பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. ஈயம் அரிக்காது என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கையில் ஒட்டிய குங்குமம் குழந்தையின் வாய்க்குப் போவதுதான் அதன் ஆபத்து.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியம். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வாமை தரும் பொருள்களைச் சிறிய அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார்கள். இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எங்கள் பொட்டையும் குங்குமத்தையும்கூட அதோடு ஒட்டிப் பார்க்க முடியும். ஆனால் அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. கூடை சுமப்பவளுக்கு இது எத்தனை நாள் கூலி என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு மேல் புதுச்சேரிக்கு மூன்று முறை பஸ் ஏறி இறங்கச் சொன்னால் யாரும் போக மாட்டார்கள். ஆகவே காரைக்கால் அரசு பொது மருத்துவமனையிலேயே மாதம் ஒரு முறையாவது இந்தச் சோதனை நடக்க வேண்டும், மீன்பிடித் தடைக் காலத்தில் கூடுதலாக நடக்க வேண்டும். பசைப் பிசினுக்குச் சோதனை ஒன்றும் காட்டாவிட்டாலும் வெள்ளைத் தடம் வரலாம். நிறமிச் செல் அழிவது ஒவ்வாமை இல்லாமலும் நடக்கும். அதனால் 'சோதனையில் ஒன்றுமில்லை, போ' என்று அனுப்பிவிட வேண்டாம்.

மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமல் 'தேமல் களிம்பு' தருவதை நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், மாதக்கணக்கில் பூசினால் நெற்றித் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, அந்த இடமே இன்னும் வெளுக்கும்.

கடைசிக் கோரிக்கை எங்கள் வீட்டாருக்கும் பஞ்சாயத்தாருக்கும். தடம் வந்தவள் முதலில் செய்ய வேண்டியது பொட்டை அடியோடு நிறுத்துவது. அரிப்பு சில வாரத்தில் அடங்கும். கறுப்பு மறைய மாதங்கள் ஆகும். வெள்ளை, சிகிச்சையோடு திரும்பினாலும் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. வெறும் நெற்றியோடு வந்தால் 'என்னடி, தாலி இருக்கா?' என்று கேட்கும் வாய்கள் நம்மூரில் இருக்கும் வரை எந்த மருத்துவர் சொல்லும் செல்லாது. நல்லது கெட்டதுகளில் அந்தக் கேள்வி எழக் கூடாது என்று பஞ்சாயத்தார் சொல்ல வேண்டும்.

தடம் ஆறிய பின் பொட்டு வேண்டும் என்பவளுக்குப் பழைய வழி உண்டு. குழந்தைக்கு வைப்பதுபோல ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காய வைத்த மை போதும். தண்ணீர் தொட்டுக் குழைத்து வைத்துக்கொள்ளலாம், ராத்திரி கழுவினால் போய்விடும். மஞ்சளே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, சுண்ணாம்பும் எரிக்கும். எனவே வீட்டுக் குங்குமம் என்றாலும் முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே நெற்றிக்கு.

இந்தச் சாசனத்தில் கையெழுத்திட வரும் அக்கா தங்கச்சிகளே, நீங்கள் வைக்கும் பொட்டு அட்டையையும் குங்குமப் பொட்டலத்தையும் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள். அவற்றையும் மனுவோடு சேர்த்து ஆட்சியர் மேசையில் வைக்கப் போகிறோம்.